ஆணையும் ஆனையும்: நகராட்சி ஆணையருக்கும் தட்டச்சுப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், வருவாய்ப் பிரிவிலும் பொறியியல் பிரிவிலும் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வீடுதோறும் கொடுக்கப்பட்ட குடிநீர்க் கட்டண அறிவிப்பு என் மேசைமேல் இருக்கிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் பென்சிலைத் தேடுவது என் பழக்கம். அந்த அறிவிப்பின் உடற்பகுதியை எழுத்து மாற்றாமல் இங்கே தருகிறேன்.

"இன்னகராட்சி எல்லைக்குட்பட்ட போதுமக்களுக்குத் தெரிவிக்கப்படுவது யாதெனில், குடினீர் இனைப்புக்கான ஆண்டுக் கட்டனம் ரூபாய் முன்னூறு மட்டும் கேடு நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். கதவு என், வரிவிதிப்பு என் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உரிய ஆவனங்களுடன் பனியாளரை அனுகவும். தவறினால் இனைப்பு துண்டிக்கப்படும். ஆனையர்."

இதில் பிழையான இடங்கள் 14. இரண்டு இடங்களில் குறில் நெடிலாகியிருக்கிறது: பொதுமக்கள் 'போதுமக்கள்' ஆகியிருக்கிறார்கள், கெடு நாள் 'கேடு நாள்' ஆகியிருக்கிறது. மூன்று இடங்களில் நகரம் வரவேண்டிய இடத்தில் னகரம் வந்திருக்கிறது: இந்நகராட்சி, குடிநீர், முந்நூறு. மீதி ஒன்பதும் ணகரத்துக்கு மாறாக னகரம். அந்த ஒன்பதில் கடைசியாக நிற்பது ஆணையரின் பதவிப் பெயர். ஆணை என்றால் உத்தரவு, ஆனை என்றால் யானை. உத்தரவிடும் பொறுப்பில் இருப்பவரின் கையொப்பத்துக்குக் கீழே இந்த எழுத்து மாறி நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

பணியாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் திருத்துவது எளிது. அந்த 14 பிழைகளையும் ஒரே வகையாகப் பார்த்து, "கவனமாகத் தட்டச்சு செய்யுங்கள்" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பயன் இருக்காது. குறில் நெடில் பிழை வேறு, ந, ன, ண பிழை வேறு. இரண்டும் பிறக்கும் இடம் வேறு, அகப்படும் விதமும் வேறு.

அந்த அறிவிப்பை அலுவலகத்தில் யாராவது ஒருவர் உரக்கப் படித்திருந்தால், 'போதுமக்கள்' என்ற இடத்திலேயே நா தடுக்கியிருக்கும். பொது, போது, கெடு, கேடு, தொகை, தோகை, படம், பாடம் என்ற வேறுபாட்டைப் பள்ளிக்கூடமே போகாதவரும் பேச்சில் தவறவிடுவதில்லை. ஆக, குறில் நெடில் பிழை அறியாமையால் வருவது அன்று, விரலில் வருவது. ஆனால் 'கட்டனம்' என்பதை உரக்கப் படித்தால் யார் காதிலும் உறுத்தாது. நம்மில் பெரும்பாலோர் பேசும்போது ந, ன இரண்டையும் ஒரே ஒலியாகத்தான் ஒலிக்கிறோம். ணகரத்தையும் பலர் அந்த ஒலியிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இலக்கணம் சொல்லும் ஒலிப்பு வேறு: நகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடவேண்டும், னகரத்துக்குச் சற்று மேலே தொடவேண்டும், ணகரத்துக்கு நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடவேண்டும். அப்படி ஒலிக்கப் பழகியவர்களுக்கு எழுத்திலும் பிழை வராது. மற்றவர்களுக்குக் காது துணை செய்யாது. கண்ணும் சொல்லறிவும்தான் துணை.

முதலில் விரல் பிழையைச் சொல்லிவிடுகிறேன், அது சிறியது. தமிழ்99 விசைப்பலகையில் ஒகரம் `C` விசையிலும் ஓகாரம் அதை ஒட்டிய `X` விசையிலும் இருக்கின்றன. எகரம் `G`, ஏகாரம் அதற்கு மேலே `T`. ஒரு விசை தள்ளிப் பட்டால் பொது போதுவாகிவிடும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கு இடர் வேறு. `e` அடித்தால் எகரம், `E` அடித்தால் ஏகாரம். `o` ஒகரம், `O` ஓகாரம். `n` னகரம், `N` ணகரம். ஷிப்ட் விசையை அழுத்த மறந்தால் ஏகாரம் குறுகும், ணகரம் னகரமாகும். அந்த அறிவிப்பில் ணகரம் ஓரிடத்தில்கூட தப்பாமல் னகரமாகியிருக்கிறதே என்று பார்த்தேன். ஆனால் தப்பிய இடங்களும் மூன்று உண்டு: ஆண்டு, வேண்டும், துண்டிக்கப்படும். மூன்றிலும் ணகரத்தை அடுத்து டகரம் இருக்கிறது. இதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒற்றைச் சுழிக் கொம்பு, இரட்டைச் சுழிக் கொம்பு என்ற வேறுபாடு சிறிய எழுத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய ஓலைகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடே கிடையாது. குறிலுக்குத் தலையில் புள்ளி வைக்கவேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலை கிழியும் என்று எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவரே இடம் நோக்கிப் பிரித்துக்கொள்ளவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால்தான் இன்றைய இரட்டைச் சுழிக் கொம்பு நமக்குக் கிடைத்தது. அந்தச் சுழி தெளிவாகத் தெரியும்படி, சரிபார்க்கும் படியை மட்டும் 16 புள்ளி அளவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தைப் பார்க்கட்டும். குறில் நெடில் பிழைகள் அந்த ஒரு வாசிப்பிலேயே தீர்ந்துவிடும்.

ந, ன, ண அப்படித் தீராது. பள்ளியில் மூன்று சுழி, இரண்டு சுழி என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். சுழியை எண்ணினால் எழுத்தின் வடிவம்தான் நினைவில் நிற்கும், எந்தச் சொல்லில் எது வரும் என்பது நிற்காது. இவற்றுக்கு வேறு பெயர்களும் உண்டு: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ணகரத்துக்கு இனம் டகரம், நகரத்துக்கு இனம் தகரம், னகரத்துக்கு இனம் றகரம். இந்தப் பெயர்களிலேயே பாதி இலக்கணம் அடங்கியிருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்குள் டகரத்துக்கு முன் வரும் மூக்கொலி எப்போதும் ணகரம்: கொண்டு, ஆண்டு, வண்டி. தகரத்துக்கு முன் நகரம்: வந்து, சொந்தம், பரிந்துரை. றகரத்துக்கு முன் னகரம்: மூன்று, சான்று, நன்றி. அந்த அறிவிப்பில் 'ஆண்டு' பிழையின்றி வந்ததற்குக் காரணம் இதுதான். டகரத்தைச் சொல்ல வளைந்த நா, அதற்கு முந்தைய எழுத்தையும் இழுத்துக்கொள்கிறது. யாருக்கும் அங்கே ஐயம் வருவதில்லை.

நகரத்துக்கு இன்னொரு இடம் சொல்லின் முதல். ணகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. சொல்லின் நடுவில், தகரம் பின்னால் இல்லாமல் நகரம் வந்தால், அங்கே பெரும்பாலும் இரண்டு உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். குடி, நீர் என்று பிரித்துப் பார்த்தால் குடிநீரில் எந்த எழுத்து என்ற கேள்வியே எழாது. இ என்ற சுட்டோடு நகராட்சி சேரும்போது நகரமே இரட்டித்து இந்நகராட்சி ஆகும். அதேபோல் அந்நாள், எந்நேரமும். ஒலிபெயர்ப்பு முறையில் சொல்லின் முதலில் `n` அடித்தால் தானாக நகரம் விழும். நடுவில் அதே விசை னகரத்தைத் தரும். ஆகவே இந்நகராட்சியில் வரும் நகரத்துக்கு `w` விசையை அடிக்கவேண்டும். இது தெரியாததால்தான் 'இன்னகராட்சி' உங்கள் எல்லாக் கடிதங்களின் தொடக்கத்திலும் நிற்கிறது.

தண்ணீரும் கண்ணீரும் விதிவிலக்குபோலத் தோன்றலாம். தண் என்பதன் ஈற்றில் ணகரம் இருப்பதால், அதோடு சேரும் நீரின் நகரம் ணகரமாகத் திரிகிறது. குடி என்பதில் அப்படி மெய் எதுவும் இல்லை, ஆகவே நகரம் நகரமாகவே நிற்கிறது.

கடிதத்தின் தலையில் வரும் இரண்டு சொற்களையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். அனுப்புநர், பெறுநர். செயலைச் செய்பவரைக் குறிக்கும் 'நர்' என்ற விகுதி நகரத்தில் தொடங்குவது. அதுபோலவே ஓட்டுநர், இயக்குநர். 'அனுப்புனர், பெறுனர்' என்பது இன்று எங்கும் பரவிவிட்டது, உங்கள் கடித வார்ப்புகளிலும் இருக்கிறது. ஒரு வார்ப்பில் மாற்றினால் ஆயிரம் கடிதங்களில் மாறிவிடும்.

முந்நூறு என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது பணம். மூன்றும் நூறும் சேர்ந்தால் முந்நூறு. 'முன்னூறு' என்று எழுதினால் முன்னால் உள்ள நூறு என்றே பொருள்படும். ஐந்தும் நூறும் சேர்ந்தால் ஐந்நூறு. ஆனால் நான்கும் நூறும் சேர்ந்தால் நானூறு, அங்கே னகரம்தான் சரி. மூன்று, நான்கு, ஐந்து என்று அடுத்தடுத்த மூன்று எண்களில் எழுத்து மாறி மாறி வருவதால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ரசீதிலும் அறிவிப்பிலும் தொகையை எழுத்தால் மட்டும் எழுதாமல் எண்ணாலும் சேர்த்து எழுதுங்கள்.

இனி ணகரமும் னகரமும். உயிரெழுத்து பின்னால் வரும் இடங்களில்தான் உண்மையான குழப்பம். பணி, பனி, மனை, மணை, எண், என், ஆணை, ஆனை. இங்கே முழு விதி கிடையாது. ஆனால் அலுவலகக் கடிதத்தில் பெரும்பகுதியை அடைக்கும் சில அடையாளங்கள் உண்டு.

வேற்றுமை உருபு, வினை விகுதி ஆகியவற்றில் ணகரம் வராது. நகராட்சியின், ஆவணங்களுடன், வழங்கினார், எனவே, ஆனால் என்று எங்கும் னகரமே. ஆவணங்களுடன் என்ற ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன: ஆவணம் என்ற பெயரில் ணகரம், உடன் என்ற உருபில் னகரம். சொல்லை இப்படிப் பிரித்துப் பார்த்தால், ஐயம் பெயரிலோ வினைப் பகுதியிலோ மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்து, சொல்லின் பழைய ஈறு. லகரத்தில் முடியும் சொல் மகரத்தோடு சேரும்போது னகரமாகும். ளகரத்தில் முடிவது ணகரமாகும். நல் என்பதிலிருந்து நன்மை, மேல் என்பதிலிருந்து மேன்மை. ஆள் என்பதிலிருந்து ஆண்மை, மேலாள் என்பதிலிருந்து மேலாண்மை. உங்கள் சுகாதாரப் பிரிவின் வண்டியில் 'திடக்கழிவு மேலான்மை' என்று எழுதியிருக்கிறது. ஆளுதல் அதில் இருக்கிறது என்று நினைவில் வைத்தால் ளகரத்தின் வழியே ணகரம் வந்துவிடும்.

மூன்றாவது அடையாளம் வடசொற்களுக்கு உரியது. காரணம், நிவாரணம், விசாரணை, உதாரணம், நிர்ணயம், நிர்மாணம், பிரமாணப் பத்திரம் ஆகிய எல்லாவற்றிலும் மூக்கொலிக்கு முன்னால் எங்காவது ரகரம் இருக்கிறது. வடமொழியில் ரகரத்துக்குப் பின் வரும் நகரம் வளைந்து ணகரமாகிவிடும், அந்த வடிவத்திலேயே தமிழுக்கு வந்திருக்கிறது. ஆனால் இடையில் சகரமோ தகரமோ குறுக்கிட்டால் அந்த வளைவு தடைப்பட்டுவிடும். அதனால்தான் பரிசோதனையிலும் தரிசனத்திலும் பிரார்த்தனையிலும் னகரம். ராமாயணத்தில் ணகரம் வருகிறது, ரசாயனத்தில் சகரம் தடுத்துவிட்டதால் னகரம் வருகிறது. இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் ஒரு நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, இது தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்தாது. வருமானத்தில் ரகரம் இருந்தாலும் னகரம்தான். வருமானச் சான்று உங்கள் மேசைக்குத் தினமும் வருவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மிஞ்சுபவை பயன்படுத்திப் பழகவேண்டியவை. ணகரத்தில் கட்டணம், ஆவணம், இணைப்பு, பணி, எண், ஆணை, விண்ணப்பம், கண்காணிப்பு, அணுகு. னகரத்தில் மனு, மனை, மானியம், வாகனம், நிறுவனம், தனியார், கவனம். உங்கள் அலுவலகம் ஒரு நாளில் புழங்கும் சொற்களில் ஐயத்துக்கு இடமானவை ஒரு பக்கத்துக்கு மேல் வராது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவிப்பைப் பார்த்ததும் நான் நேரில் வந்து, "ணகரம் வரவேண்டிய இடங்களில் னகரம் வந்திருக்கிறது" என்று முகப்பில் சொல்லிவிட்டுப் போனேன். அடுத்து வந்த கடிதத்தில் கட்டணமும் ஆவணமும் திருத்தமாக இருந்தன. கூடவே 'மணுதாரர்', 'அணுமதி', 'அணுப்பி வைக்கவும்' என்று மூன்று புதிய பிழைகளும் இருந்தன. பிழை என்று மட்டும் சொல்லி, ஏன் என்று சொல்லாவிட்டால் இப்படித்தான் நடக்கும். ஐயம் வந்த இடத்திலெல்லாம் ணகரத்தைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று கை நினைத்துக்கொள்கிறது. அணுகு என்பது நெருங்குதல், அணு என்பது நுண்துகள், இரண்டிலும் ணகரம். அனுமதி, அனுபவம், அனுதாபம், அனுகூலம் ஆகியவற்றில் முன்னொட்டாக நிற்கும் அனு வேறு, அங்கே னகரம். அனுப்பு என்பது தமிழ் வினை, அதிலும் னகரம். மனுவிலும் அப்படியே.

கணினியில் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒரேயடியாகத் திருத்திவிடலாம் என்று ஒரு பணியாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பனி என்பதையெல்லாம் பணி என்று மாற்றினால் பனிக்காலமும் மாறிவிடும். ஆனை என்பதை ஆணை என்று மாற்றினால் ஆனைமலை 'ஆணைமலை' ஆகிவிடும். 'அரசானை' என்ற பிழையோ அப்படியே நிற்கும், ஏனென்றால் அங்கே ஆகாரம் தனி எழுத்தாக இல்லை, சகரத்தோடு சேர்ந்த காலாக இருக்கிறது. பிழைதிருத்தியும் இந்த இடங்களில் உதவாது. பனி, ஆனை, என், கேடு ஆகியவையும் அகராதியில் உள்ள சொற்கள்தாம், அவற்றின் கீழே சிவப்புக் கோடு விழாது.

எல்லாவற்றையும் பிழை என்று அடிக்கவும் கூடாது. குடிநீர் விநியோகம் என்று எழுதுபவர்களும் உண்டு, வினியோகம் என்று எழுதுபவர்களும் உண்டு. அந்நியர், அன்னியர் என்பதும் அப்படியே. இரண்டும் அச்சில் வழங்குகின்றன. ஒன்றைத் தேர்ந்து எல்லாக் கடிதத்திலும் அதையே எழுதினால் போதும்.

விதி எதுவும் உதவாத இடம் ஒன்று உண்டு, அது ஆட்களின் பெயர். எங்கள் தெருவில் ஒருவருடைய தாயார் பெயரில் ணகரம். சொத்து வரிக் கேட்பில் அது னகரமாக ஏறிவிட்டது. பத்திரத்தில் ஒரு பெயர், வரி ரசீதில் இன்னொரு பெயர். தாயார் காலமான பின் பெயர் மாற்றத்துக்குப் போனபோது, இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தர நேர்ந்தது. அவர் அலைந்ததெல்லாம் ஒரு சுழிக்காக. குடிநீர் அறிவிப்பில் 'கட்டனம்' என்று இருந்தாலும் எங்களுக்குப் பொருள் விளங்கிவிட்டது, பணம் கட்டிவிட்டோம். பெயரில் அப்படி விளங்கிக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே பெயரையும் முகவரியையும் பதிவு செய்யும்போது, விண்ணப்பதாரர் கொடுத்த ஆவணத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் சுழிப் பெயர்கள் மிகவும் பயன்படும். அச்சகத்தில் மூலம் படிப்பவர் 'மணி' என்று படிக்காமல், 'ம, மூன்று சுழி ணி' என்றே படிப்பார். உங்கள் பதிவுப் பிரிவிலும் அந்த வழக்கம் வரவேண்டும்.

பழைய பத்திரங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சிட்டவற்றில் ணை, னை இரண்டும் தும்பிக்கைபோன்ற முன்சுழியோடு இருக்கும். ணா, னா இரண்டுக்கும் கால் தனியாக இராது, எழுத்தோடு வளைந்து ஒட்டியிருக்கும். மங்கிய நகலில் இவை ஒன்றுபோலவே தெரியும். அத்தகைய பெயர்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஆணையர் அவர்களிடம் என் வேண்டுகோள் இவை. கணினியில் இருக்கும் கடித வார்ப்புகளை முதலில் திருத்துங்கள். அனுப்புநர், பெறுநர், இந்நகராட்சி, ஆணையர், கட்டணம், இணைப்பு, கதவு எண் ஆகிய ஏழு சொற்களும் அங்கிருந்துதான் எல்லாக் கடிதங்களுக்கும் போகின்றன. பிறகு, பொதுமக்களுக்குப் போகும் ஒவ்வோர் அறிவிப்பையும் இரண்டு முறை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் முறை உரக்கப் படித்து, குறில் நெடிலுக்காக. இரண்டாம் முறை வாய் திறக்காமல், பொருளைத் தொடராமல், ந, ன, ண வரும் இடங்களை மட்டும் பென்சிலால் தொட்டுக்கொண்டே போய். இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்ய முயன்றால் கண் பொருளின் பின்னால் ஓடிவிடும். தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் ஆட்சிமொழிப் பயிலரங்கத்துக்கு அலுவலர்களை அனுப்பும்போது, தட்டச்சு செய்பவர்களையும் அனுப்புங்கள். கடிதம் அவர்கள் கையில்தான் உருவாகிறது.

மேலே சொன்ன சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். அதைத் தட்டச்சுப் பிரிவின் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த அறிவிப்பு அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒரு படி அனுப்பினால், அன்று மாலைக்குள் பார்த்துத் திருப்பித் தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்